செப்டெம்பர் கொமிஷன்: 6,000 ரூபா எங்கள் பிழை, மிச்சக் கணக்கு கீழே

வணக்கம் அண்ணா,

70,800 ரூபா வரவேணும், 44,000தான் வந்தது என்று எழுதியிருந்தீங்கள். பில்களைத் திரும்ப ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

நீங்கள் பில் தொகை 1,416,000 முழுவதற்கும் 5% போட்டிருக்கிறீங்கள். அதற்குள் 18% வற் வரி இருக்கிறது. 1.18ஆல் பிரித்தால் 1,200,000. (பில் தொகையிலிருந்து 18% கழித்தால் பிழையான விடை வரும், கனபேர் அங்கேதான் தடுமாறுவது.)

அதில் முள்ளியவளையில் திரும்பி வந்த பம்பி ஒன்று, 60,000. ஒட்டுசுட்டானில் கடனுக்குக் கொடுத்த இரண்டு, 140,000. இவற்றைக் கழிக்க 1,000,000. அதற்கு 5% 50,000.

புதுக்குடியிருப்புச் செக் செப்டெம்பர் 30 அன்றே மாறிவிட்டது. நாங்கள் அதை ஒக்டோபரில் பதிந்துவிட்டோம். வரி நீங்கலாக 120,000, கொமிஷன் 6,000. அது எங்கள் பிழை, மன்னிக்கவும். வெள்ளிக்கிழமை உங்கள் கணக்கில் போடுகிறோம்.

ஒட்டுசுட்டான் காசு வந்த மாதத்தில் அதற்குரிய 7,000 சேரும். விவசாயி அறுவடைக்குப் பிறகு தருவதாகச் சொன்னவர் என்றால், தை மாசிக்கு முதல் எதிர்பார்க்கவேண்டாம்.

முள்ளியவளைப் பம்பிக்குப் பதிலாக வேறொன்று கொடுத்திருந்தால் அந்தப் பில் இலக்கத்தை அனுப்புங்கள். எங்களிடம் பதிவில்லை.

நன்றி.
கணக்குப் பகுதி, கிளிநொச்சி