அண்ணிகிட்ட மட்டும்தான் சொன்னேன் என்றாயே, கலா

கலா, நேற்று ராத்திரி நீ மூன்று தடவை கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. எடுத்தால் அழுதுவிடுவேன், இல்லை கத்திவிடுவேன், ரெண்டும் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிடு.

சித்திரையில் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து பேசினோமே, சிவகாசி பஸ் ரெண்டை விட்டுவிட்டு. தம்பி ஆன்லைன் ரம்மியில் விட்ட பணத்தை, அவன் கடன் வாங்கிய ஆட்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றதை, என் ஆறு பவுன் சங்கிலியை பேங்கில் வைத்து 2 லட்சத்து 40 ஆயிரம் வாங்கி அடைத்ததை எல்லாம் சொன்னேன். அப்ரைசர் சங்கிலியைக் கல்லில் உரசும்போது என் வயிறு என்ன செய்தது என்பதைக்கூட உன்னிடம்தான் சொன்னேன், இவரிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லி முடித்ததும் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "யார்கிட்டயும் போகக்கூடாதுடி, அவனுக்குப் பெண் பார்க்கிறோம்" என்றேன். "என்னை நம்ப மாட்டியா?" என்று நீ கோபப்பட்டாய். ஞாபகம் இருக்கிறதா?

போன ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வளைகாப்பு. பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தேன். என் ஓரகத்தி பக்கத்தில் வந்து, கழுத்தில் கிடந்த சங்கிலியை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து, கொக்கியைத் திருப்பி முத்திரை இருக்கிறதா என்று தேடினாள். "கவரிங்னாலும் நல்லாத்தான் மினுக்குது. தம்பி சீட்டாட்டத்தை விட்டுட்டானா?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டாள். கையில் வாழையிலையோடு அப்படியே நின்றேன். பக்கத்தில் அத்தை இருந்தார்கள். அத்தை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, இன்றுவரை எதுவும் கேட்கவுமில்லை. ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆணியில் தொங்கிய பீரோ சாவி திங்கட்கிழமையிலிருந்து அத்தை இடுப்பில் இருக்கிறது. அது ஒவ்வொரு தடவை சலசலக்கும்போதும் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்.

இது இவருக்கும் எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். ஓரகத்தியும் உன் அண்ணியும் ஒரே ஊர். அதனால்தான் உன்னிடம் நேராகக் கேட்டேன். நீ மழுப்பவில்லை, ஒத்துக்கொண்டாய், சரி. ஆனால் உடனே "அண்ணிகிட்ட மட்டும்தான் சொன்னேன், அதுவும் உனக்குப் பணம் புரட்டித் தருவாங்களோன்னு நல்லதுக்குத்தான்" என்றாயே, அங்கேதான் எனக்கு ரொம்ப வலித்தது. நானும் உன்னிடம் மட்டும்தானேடி சொன்னேன்! பணம் வேண்டும் என்று உன்னிடம் கேட்டேனா? கேட்கத் தோன்றியிருந்தால் வெட்கப்படாமல் உன்னிடமே கேட்டிருப்பேன். சொல்லலாமா என்று எனக்கு ஒரு போன் போட்டிருந்தால், வேண்டாம் என்று சொல்லியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அது தெரிந்துதான் நீ கேட்கவில்லையோ என்று இந்த நாலு நாளாக மனசு அரிக்கிறது.

என் கழுத்தில் கிடப்பது கவரிங் என்று ஊருக்குத் தெரிந்தால் எனக்கு அவமானம், அதை நான் தாங்கிக்கொள்வேன். தம்பி விஷயம் அப்படியில்லை. அஞ்சு மாதமாக அவன் அந்தப் பக்கமே போகவில்லை, சாதாரண பட்டன் போனுக்கு மாறிவிட்டான், பட்டறைச் சம்பளத்தில் மாதம் 6 ஆயிரம் என் கையில் கொண்டுவந்து கொடுக்கிறான், எப்படியாவது மீட்டுத் தந்துவிடுகிறேன் அக்கா என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். விருதுநகர்க்காரர்கள் இந்த வாரம் தேதி சொல்வதாக இருந்தது, இன்னும் போன் வரவில்லை. இதனால்தான் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. ஆனால் செவ்வாய்க்கிழமை அவன் வந்து, "அக்கா, நீ யார்கிட்டயாவது சொன்னியா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். ஒன்றும் பேசாமல் தட்டில் கை கழுவிவிட்டுப் போய்விட்டான், பாதிச் சோறு அப்படியே இருந்தது. உன்னிடம் சொன்னது என் தப்பு என்று அன்றைக்கு முதல்முறையாகத் தோன்றியது. பதினாறு வருஷத்தில் ஒருநாளும் அப்படித் தோன்றியதில்லை, கலா.

ஹாஸ்டலில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது நீ கீழாநெல்லி அரைத்துக் கொடுத்ததை நான் மறக்கவில்லை. நீ கெட்டவள் என்று நினைக்கவும் இல்லை. ஆனால் இனிமேல் உன்னிடம் எதையும் சொல்லும் முன் யோசிப்பேன். அது எத்தனை நாளைக்கு என்று எனக்கே தெரியவில்லை. ஒரு மன்னிப்புக் கேட்டதும் போய்விடுகிற விஷயமும் இல்லை இது.

ஒன்று மட்டும் செய். அண்ணியிடம் இதோடு நிறுத்தச் சொல். பொய் என்று மறுத்துச் சொல்லவும் வேண்டாம், அது இன்னும் நாலு வாய்க்குப் போகும். தம்பியிடம் நீயாகப் போய்ப் பேசவே பேசாதே. பாப்பா பிறந்தநாளுக்கு நான் கண்டிப்பாக வருவேன், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அங்கே எல்லோர் நடுவிலும் இந்தப் பேச்சை எடுத்துவிடாதே. அதுவரைக்கும் போன் பண்ணாதே, எனக்குத் தோன்றும்போது நானே கூப்பிடுகிறேன்.