சம்பள நோட்டின் பின்பக்கம்

வலி முதன்முதலில் வந்த இரவில் சுப்பிரமணியம் கத்தரிக்காய்க் குழம்பின் மீது பழி போட்டார். அடுத்த முறை கொள்ளுப் பருப்பின் மீது. மூன்றாம் முறை அவர் இரவில் இரண்டு இட்லியைத் தவிர வேறெதுவும் சாப்பிட்டிருக்கவில்லை என்பதால், இட்லி மாவு புளித்திருக்க வேண்டும் என்று மல்லிகாவிடம் கோபித்துக்கொண்டார். அதே மாவில் தானும் மகளும் சாப்பிட்டதை அவள் சொல்லவில்லை. எழுந்துபோய் ஓமத்தைக் கொதிக்க வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

மேல் வயிற்றின் நடுவில், விலா எலும்புகள் கூடும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஈரத்துணியை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துப் பிழிவதைப் போல அந்த வலி தொடங்கும். அரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோ பிழிந்துவிட்டு, விடியும்போது ஒன்றும் நடவாததுபோல் விலகிவிடும். திருப்பூர் காங்கேயம் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், தகரக் கூரைக் கொட்டகையில் 16 தையல் எந்திரங்களை வைத்து, ஏற்றுமதி நிறுவனங்களுக்குப் பனியன் தைத்துக்கொடுக்கும் ஜாப் ஒர்க்கை அவர் 11 ஆண்டுகளாக நடத்திவந்தார். எவ்வளவு வலித்த இரவுக்குப் பிறகும் காலை எட்டரை மணிக்குக் கொட்டகையைத் திறந்தாக வேண்டும். திறக்கவும் செய்தார்.

நான்கு மாதங்களில் அவர் பார்க்காத வைத்தியம் குறைவு. மருந்துக்கடைக்காரர் வாயுவுக்கு மாத்திரை கொடுத்தார். தெருமுனை மருத்துவர் வெறும் வயிற்றில் போடச் சொல்லிப் பான்டோபிரசோல் எழுதினார். வெள்ளகோவிலில் இருந்த அம்மா, உணவு குடலில் சிக்கியிருக்கும் என்று சொல்லி, தொக்கம் எடுக்கும் ஒருவரிடம் அழைத்துப்போனார். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பித்தப்பையில் கல் இல்லை; கல்லீரல், கணையம், சிறுநீரகம் எல்லாம் சரியாக இருந்தன. நெஞ்சு வலியாக இருக்குமோ என்று எடுத்த இ.சி.ஜி.யும் சரியாகவே இருந்தது. ஒவ்வொரு அறிக்கையும் நன்றாக வர வர அவருடைய பயம்தான் வளர்ந்தது. ஏனென்றால் அவருடைய அப்பாவுக்கும் இப்படித்தான் வயிற்று வலியில் தொடங்கியது; இரைப்பைப் புற்றுநோய் என்று தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவிக்கும் அது தெரிந்ததுதான் என்பதால் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்தார்.

கடைசியில் கோயம்புத்தூரில் எண்டோஸ்கோபி செய்துகொண்டார். தொண்டையில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, இடப்பக்கமாகப் படுக்க வைத்து, கருப்புக் குழாயை உள்ளே செலுத்திய அந்தப் பத்து நிமிடமும் அவர் அப்பாவின் முகத்தையே நினைத்துக்கொண்டிருந்தார். புண் இல்லை, கட்டி இல்லை. சிறிய சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்ததில் ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமியும் இல்லை. “உங்களுக்கு ஒண்ணுமில்லைங்க, தைரியமா போங்க” என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு மகிழ வேண்டிய மனிதர், பேருந்தில் திரும்பி வரும்போது அவமானப்பட்டவரைப் போலத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். ஒன்றுமில்லை என்றால், நடு இரவில் முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு தான் துடித்தது என்ன? மச்சினன் வேறு தொலைபேசியில், “எல்லாம் நினைப்புத்தான் மாமா, விடுங்க” என்றான். அன்றிலிருந்து அவர் வலியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். வலியுள்ள மனிதனிடம் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்புவது அவனை எவ்வளவு தனியனாக்கிவிடுகிறது என்பதைச் சொல்பவர்கள் அறிவதில்லை.

மல்லிகா வேலைசெய்யும் பள்ளியின் ஆசிரியை ஒருவர் சொன்ன பேரில்தான், அவிநாசி சாலையில் இருந்த அந்த வயதான பெண் மருத்துவரிடம் போனார்கள். அவர் கோப்பு முழுவதையும் நிதானமாகப் படித்தார். எடை குறைந்ததா, மலம் கறுத்துப் போனதா, வாந்தியில் ரத்தம் வந்ததா, விழுங்கும்போது அடைக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவும் இல்லை என்று குறித்துக்கொண்டார். அப்பாவுக்கு அப்படி இருந்ததால் எண்டோஸ்கோபி செய்தது சரிதான் என்றார். பிறகு, இதுவரை யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

“வலி உங்களைத் தூக்கத்துல இருந்து எழுப்புதா? இல்லை, நீங்க முழிச்சுப் படுத்திருக்கும்போது வருதா?”

சுப்பிரமணியம் பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். வலிதான் தன்னை எழுப்புகிறது என்று நான்கு மாதங்களாக எல்லோரிடமும் சொல்லிவந்தவர் அவர். யோசித்துப் பார்த்தபோது, ஒவ்வொரு முறையும் வலிக்கு முன்பே மின்விசிறியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தது நினைவுக்கு வந்தது.

“முழிச்சுத்தானுங்க இருந்திருக்கேன்” என்றார்.

அன்று மருத்துவர் மேற்கொண்டு எதையும் விளக்கவில்லை. ஐந்து வாரம் குறிப்பு எழுதிக்கொண்டு வரச் சொன்னார். வேறு நோட்டு வாங்கத் தோன்றாமல், கொட்டகையின் சம்பள நோட்டையே திருப்பிப்போட்டுப் பின்பக்கத்திலிருந்து சுப்பிரமணியம் எழுதத் தொடங்கினார். தேதி, மணி, சாப்பிட்டது, வலியின் அளவு. சாப்பிட்டதைத்தான் மிகவும் கவனமாக எழுதினார். பச்சைமிளகாய் எத்தனை என்பதுவரை எழுதினார்.

அடுத்த முறை போனபோது மருத்துவர் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, நோட்டை முன்பக்கமாகப் புரட்டினார். தவறுதலாகப் புரட்டிவிட்டார் என்று நினைத்து அவர் கையை நீட்டினார்.

“இது என்னங்க கணக்கு?”

“சனிக்கிழமை சம்பளம் போடற கணக்குங்க டாக்டர். ஓவர்லாக், பிளாட்லாக், செக்கிங், எல்லாம் சேர்த்து 22 பேர். வாரம் 92,000 வரும்.”

“கம்பெனி எப்பப் பணம் கொடுக்கும்?”

“பில் போட்டு 45 நாள்னு சொல்லுவாங்க. 70 நாளும் ஆகும்.”

மருத்துவர் ஒரு பென்சிலை எடுத்து, பின்பக்கத்தில் இருந்த ஏழு வலிகளுக்கும் எதிரே கிழமையை எழுதினார். ஐந்து வெள்ளிக்கிழமைகள். ஒரு வியாழன். மீதியிருந்தது ஒரு செவ்வாய். அன்றுதான் சரக்கில் பாதியைத் தையல் சரியில்லை என்று நிறுவனம் திருப்பி அனுப்பியிருந்தது. பென்சில் நின்ற பிறகும் சுப்பிரமணியம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்படின்னா நானா நினைச்சுக்கிறேன்னு சொல்றீங்களா?” என்று கேட்டபோது அவருடைய குரல் உயர்ந்திருந்தது.

“இல்லைங்க. வலி நிஜம். வலிக்கிறது உங்க வயிறுதான்” என்றார் மருத்துவர். குடலின் சுவருக்குள்ளேயே கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன என்றும், அவை மூளையோடு ஓயாமல் செய்தி பரிமாறிக்கொண்டிருக்கின்றன என்றும், பயத்திலும் கவலையிலும் இரைப்பையின் இயக்கம் தடுமாறி, வலியைச் சொல்லும் நரம்புகள் கூர்மையாகிவிடுவதால், மற்ற நாட்களில் உணரவே முடியாத சாதாரண அசைவும் வாயுவும்கூட வலியாகத் தெரியும் என்றும் அவர் விளக்கினார். ஸ்கேனிலும் எண்டோஸ்கோபியிலும் உறுப்பின் உருவம்தான் தெரியும். நரம்பு எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பது தெரியாது. இதற்கு ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா என்று பெயர் இருக்கிறது என்று எழுதியும் காட்டினார். “வயித்துல புளியைக் கரைக்குதுன்னு உங்க அம்மா சொல்லியிருப்பாங்களே” என்றும் சொன்னார்.

தன் நோய்க்கு ஒரு பெயர் இருந்தது சுப்பிரமணியத்துக்கு ஆறுதலாக இருந்தது. ஆனாலும் அவர் நம்பிவிடவில்லை. இரவில் போட எழுதிக்கொடுத்த சிறிய மாத்திரையை வாங்கும்போது, மருந்துக்கடைப் பையன் அது மனச்சோர்வுக்குக் கொடுப்பது என்று சொல்லிவிட்டதால், ஒன்பது நாட்கள் அதை மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்தார். பிறகு மல்லிகாதான் மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டாள். 10 மில்லிகிராம் அளவில் அது வலி நரம்புகளைத் தணிப்பதற்காகத்தான் என்று அறிந்த பிறகே போடத் தொடங்கினார்.

இடையில் அவரே ஒரு சோதனையும் செய்தார். ஒரு வாரம் எதிர்பாராமல் புதன்கிழமையே நிறுவனத்திலிருந்து பணம் வங்கியில் ஏறியது. அந்த வெள்ளிக்கிழமை இரவு கத்தரிக்காய்க் குழம்பு வைக்கச் சொல்லி, இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வலிக்காகக் காத்துப் படுத்திருந்தவர், காத்திருந்தபடியே தூங்கிப்போனார். காலையில் எழுந்ததும் அவருக்கு மகிழ்ச்சியைவிடத் துக்கமே அதிகமாக இருந்தது. பிடித்த குழம்பை மூன்று மாதம் தொடாமல் இருந்ததற்காக அல்ல. மல்லிகாவிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றுக்காக.

அடுத்த வாரம் பணம் வரவில்லை. வெள்ளி இரவு ஒன்றரை மணிக்கு, மேல்வயிறு இறுகத் தொடங்கியது. மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி வயிற்றின் மீது கையை வைத்து, கை மேலே எழும்புமாறு மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விட்டார். வலி போகவில்லை, ஆனால் முன்பு போல் ஏறவும் இல்லை. விளக்கைப் போட்டபோது மல்லிகா எழுந்து உட்கார்ந்தாள்.

“ஓமத் தண்ணி வைக்கட்டுங்களா?”

“வேண்டாம். உட்காரு.” அவர் சற்று நேரம் சுவரைப் பார்த்தார். “நாளைக்கு 31,000 குறையுது. அது போக, கைமாத்து 3,80,000 இருக்கு. உனக்குச் சொல்லலை.”

அவள் திட்டுவாள், அல்லது அழுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். மல்லிகா எழுந்துபோய்ச் சம்பள நோட்டை எடுத்துவந்து, தலையணையின் மீது வைத்துப் பிரித்து, 22 பெயர்களையும் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். வாடகை கட்ட வேண்டியவர்கள் யார், திங்கட்கிழமை வரை பொறுப்பவர்கள் யார் என்று அவரைக் கேட்டுக் கேட்டுப் பென்சிலால் குறியிட்டாள். செக்கிங்கில் இருந்த மூத்த அம்மாவிடம் காலையில் அவரே முதலில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றாள். எழுபது நாள் இழுத்தடிக்கும் நிறுவனத்தின் ஆர்டரை இனி எடுக்கத்தான் வேண்டுமா என்றும் கேட்டாள். அதற்கு அவரிடம் உடனே பதில் இல்லை.

மணி இரண்டே கால் ஆகியிருந்தது. அவர் நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் தேதியையும் மணியையும் எழுதினார். சாப்பிட்டது என்ற இடத்தில் ஒன்றும் எழுதாமல், 31,000 என்று எழுதினார். வலியின் அளவை எழுதப் போனபோதுதான், அது நின்று எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாமல் பென்சிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.