புதிய ஜூனியர் அக்கவுண்டன்ட்: ஜூலை 1 முதல் 30 வரை

வாங்க தம்பி. நம் ஈரோடு நூல் கடையில் கணக்குக்கு நாம் மூன்று பேர்தான். உங்கள் சந்தேகம் எதுவும் எனக்குத் தொந்தரவு இல்லை.

முதல் மூன்று நாள் டேலியில் எதையும் பதிய வேண்டாம். ஜூன் மாத பில், வவுச்சர் ஃபைல்களைப் புரட்டி, சரக்கு வந்ததிலிருந்து பணம் போனதுவரை பின்தொடருங்கள். 4ஆம் தேதி முதல் கொள்முதல் பில்களை நீங்கள் பதியலாம். மாலையில் நான் பார்ப்பேன்.

7ஆம் தேதி டி.டி.எஸ். கட்டுவதையும் 11ஆம் தேதிக்குள் GSTR-1 தாக்கல் செய்வதையும் பக்கத்தில் இருந்து பாருங்கள். 15ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ.

14ஆம் தேதி GSTR-2B வரும். அதை நம் கொள்முதல் பதிவோடு வரிவரியாக ஒப்பிடுவது உங்கள் பொறுப்பு. ஒரு பில் அதில் இல்லையென்றால் அந்த வரிக்கிரெடிட்டை இந்த மாதம் எடுக்க முடியாது. சப்ளையர் தாக்கல் செய்யாமல் இருக்கலாம், நம் ஜி.எஸ்.டி. எண்ணைத் தப்பாகப் போட்டிருக்கலாம். போன் போட்டுக் கேளுங்கள். இதற்கு மூன்று நாள் முழுதாக ஒதுக்கியிருக்கிறேன். 20ஆம் தேதி GSTR-3B.

அதன்பின் வங்கிக் கணக்கை டேலியோடு நேர்செய்வது. தப்பு நடந்தால் அழித்து மறைக்காமல் அன்றே சொல்லிவிடுங்கள். 30ஆம் தேதி மாலை உட்கார்ந்து பேசுவோம், டீ என் செலவு.