ரஜ்ஜு இல்லை

மலருக்கு ரோகிணி, சங்கரனுக்கு சுவாதி. ஜோசியர் கட்டத்தைப் பார்த்ததுமே பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"கணம், யோனி, ராசி அதிபதி, வசியம் நாலும் இருக்கு. ஸ்திரீ தீர்க்கம் மத்திமம். ஆனா ரஜ்ஜு இல்லை, வேதையும் இல்லை. ரெண்டு பேருக்கும் ஒரே ரஜ்ஜு, கண்ட ரஜ்ஜு, அதாவது கழுத்து. பெண்ணோட ஆயுசுக்கு ஆகாது."

மலரின் அம்மா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மாப்பிள்ளைக்கு ஆகாது என்றிருந்தால் சங்கரன் வீட்டில் தடுத்திருப்பார்கள். சொன்னது பெண்ணுக்கு என்பதால் தடுக்க வேண்டியது அவள்தான்.

"அம்மா, வசியம் இருக்குன்னு அவரே சொல்றாரே, அது போதும்" என்றாள் மலர். இரண்டு வருஷப் பழக்கம் அது. சங்கரன் மன்னார்குடியில் கூட்டுறவு வங்கியில் எழுத்தர், அவள் பக்கத்துப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஜோசியர் எழுதிக் கொடுத்த தாளை அவன் எல்லார் முன்னாலும் நாலாகக் கிழித்தான். "இருபத்தேழு நட்சத்திரத்துல ஊர் உலகத்தையே அடைச்சிட முடியுமா அத்தை?" என்று கேட்டான். அந்தத் தைரியத்தில்தான் 2004 தை மாதம் கல்யாணம் நடந்தது.

தைரியம் அவனிடம் எத்தனை நாள் இருந்தது என்று மலரால் சொல்ல முடியாது. முதலில் அக்கறை என்றுதான் நினைத்தாள். இருமினால் எழுந்து விளக்கைப் போடுவான். ஸ்கூட்டர் கற்றுக்கொள்கிறேன் என்றால், "நான் கொண்டு விடறேன், உனக்கு எதுக்கு?" என்பான். 2006-இல் அனு பிறந்தபோது பிரசவ அறை வாசலில் அவன் நின்ற கோலத்தைப் பார்த்து நர்ஸ்தான் பயந்துபோய் நாற்காலி போட்டாராம். மலருக்கு அன்று ரத்தப்போக்கு கொஞ்சம் அதிகம். ஆனால் மூன்றாம் நாள் நடந்துவிட்டாள்.

அனுவுக்கு மூன்று வயதானபோது, இன்னொரு குழந்தை வேண்டும் என்றாள். அவன் சம்பளம் போதாது என்றான். அடுத்த வருஷம் வீட்டுக் கடன் என்றான். அதற்கடுத்த வருஷம், அனு ஒருத்தி போதுமே என்றான். கேட்டுக் கேட்டு ஒரு கட்டத்தில் விட்டுவிட்டாள். பள்ளியில் சின்ன வகுப்புப் பிள்ளைகளைத் தாண்டிப் போகும்போது மட்டும் கொஞ்ச நேரம் நிற்பாள்.

2019-இல் கழுத்தில் சின்னதாக ஒரு கட்டி தட்டுப்பட்டது. தைராய்டு. ஊசி போட்டு எடுத்த சோதனையில் தெளிவாகத் தெரியவில்லை, ஒரு பக்கச் சுரப்பியை எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். சொந்தத்தில் ஒருவர் விடாமல் சொன்னார்கள்: "கழுத்துலதானே வந்திருக்கு."

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ராத்திரி, சங்கரன் அவள் கட்டிலுக்குக் கீழே பாயில் உட்கார்ந்து அழுதான். அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

"கிழிச்ச தாளைப் பொறுக்கி வெச்சிருக்கேன் மலர். எத்தனை தடவை படிச்சிருப்பேன் தெரியுமா? அனு பொறந்தப்பவே உன்னை இழந்துட்டேன்னு நெனச்சேன். அதான் ரெண்டாவது வேணாம்னேன்."

அவள் பதில் சொல்லவில்லை. காலையில் ஸ்ட்ரெச்சரில் போகும்போது அவன் கையைப் பிடித்தான். பிடிக்கவிட்டாள்.

கட்டி சாதாரணக் கட்டிதான். குரல் மட்டும் சில வாரம் கம்மியிருந்தது. அந்தக் கம்மிய குரலிலேயே ஒருநாள் கேட்டாள்.

"அன்னிக்குப் பயந்து நின்னிருக்க வேண்டியவ நான். நான் பயப்படலைங்க. என் உயிரைப் பத்தின விஷயத்தை என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? ஒரு பிள்ளைய இல்லாம ஆக்கினது ஜாதகமா, நீங்களா?"

அவனிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டான். அவள் உடனே மன்னித்துவிடவும் இல்லை. மழைக்காலம் முழுக்க, "சாப்பாடு ஆச்சா", "அனு ஃபீஸ் கட்டியாச்சா" என்ற அளவில்தான் பேச்சு ஓடியது. அப்புறம் ஒருநாள் அவனே அந்தத் தாளை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தான். பின்னால் செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தான், டேப் பழுத்து மஞ்சளாகிவிட்டிருந்தது. அவள் அதை அடுப்பில் போட்டுவிட்டு, "எனக்கு ஸ்கூட்டர் வேணும்" என்றாள்.

சங்கரன்தான் கடன் போட்டு வாங்கினான். பள்ளி மைதானத்தில் அவனே சொல்லியும் கொடுத்தான். அவள் வண்டியை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அவன் முகம் வெளுக்கும். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. டயரில் காற்றுப் பார்த்து, ஹெல்மெட் வாரை இழுத்துப் பார்த்து அனுப்புவான்.

லைசென்ஸ் வந்த வாரம் மலர் தனியாகத் திருவாரூருக்கு அம்மா வீட்டுக்குப் போய் இறங்கினாள். அம்மா வாசலுக்கு ஓடி வந்து வண்டியையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"தனியாவா வந்தே? மாப்பிள்ளை எப்படி விட்டார்?"

"அவர்கிட்ட சொல்லிட்டு வந்தேம்மா. கேட்டுட்டு வரல" என்றாள் மலர். "தண்ணி கொடு, வெயில் தாங்கல."