எந்தத் தொடருக்கு எந்தச் சோதனை?

வகுப்புத் தாள்: இளங்கலைக் கணிதம், முதலாண்டு, தமிழ் வழி
பாளையங்கோட்டை, சனிக்கிழமை வகுப்பு

சோதனைகள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக நடத்தும்போது யாருக்கும் சிக்கல் வருவதில்லை. விகிதச் சோதனைப் பயிற்சியில் இருக்கிற கணக்கெல்லாம் விகிதச் சோதனைக்குத்தான் என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. பரீட்சைத் தாளில் அந்தத் தலைப்பு இருக்காது. "பின்வரும் தொடர் குவியுமா, விரியுமா என ஆராய்க" என்று மட்டும் இருக்கும். அங்கேதான் பலரும் ஜங்ஷனில் முதலில் வந்த பஸ்ஸில் ஏறிக்கொள்வதுபோல, நினைவுக்கு முதலில் வந்த சோதனையைப் போட ஆரம்பிக்கிறீர்கள்.

இந்தத் தாளில் கணக்குகள் கலந்தே வரும். எல்லாவற்றிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: n மிகப் பெரிதாகும்போது aₙ எதைப் போல இருக்கிறது? இதற்கு விடை தெரிந்தால் சோதனையின் பெயர் தானாக வரும். (இங்கே log என்பதெல்லாம் e அடிமான மடக்கை. தொடர் n = 1-இலிருந்து தொடங்கும்; வேறானால் சொல்லியிருக்கிறேன்.)

முதலில் உறுப்பைப் பார்

Σ (3n² + 5)/(7n² + n)

உறுப்பு 3/7-ஐ நெருங்குகிறது. பூச்சியத்தை நெருங்கவில்லை, ஆகவே விரியும். ஒரே வரி. இதற்குப் போய் அரைப்பக்கம் எழுதுபவர்கள் இருக்கிறார்கள்.

கொஞ்சம் ஏமாற்றக்கூடிய ஜோடி ஒன்று:

Σ (n/(n+1))ⁿ
Σ (n/(n+1))^(n²)

இரண்டிலும் அடுக்கில் n இருப்பதால் மூலச் சோதனைக்குக் கை போகும். இரண்டாவதற்கு அது சரி. n-ஆம் மூலம் எடுத்தால் (n/(n+1))ⁿ மிஞ்சும், அதன் எல்லை 1/e, ஒன்றைவிடக் குறைவு, குவியும். முதலாவதற்கு மூலம் எடுத்தால் n/(n+1) வரும், எல்லை 1, சோதனை ஒன்றும் சொல்லாது. ஆனால் அங்கே சோதனைக்கே வேலையில்லை. உறுப்பே 1/e-ஐ நெருங்குகிறது, விரியும்.

உறுப்பு பூச்சியத்தை நெருங்கினால் தொடர் குவியும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். Σ 1/n இதற்கு நிரந்தர சாட்சி. அது விரியும் என்பதை 14-ஆம் நூற்றாண்டிலேயே நிக்கோல் ஒரேம் காட்டிவிட்டார். உறுப்புகளை 1/3 + 1/4, பிறகு 1/5 முதல் 1/8 வரை, பிறகு 1/9 முதல் 1/16 வரை என்று கட்டுக்கட்டாக எடுத்தால் ஒவ்வொரு கட்டும் 1/2-க்கு மேல் வரும். ஆனால் படுமெதுவாக விரியும். கூடுதல் 10-ஐத் தாண்ட 12,367 உறுப்புகள் வேண்டும். 20-ஐத் தாண்ட 27 கோடிக்கும் மேல் வேண்டும். கால்குலேட்டரில் கொஞ்ச நேரம் கூட்டிப் பார்த்து "நின்றுவிட்டது சார்" என்று சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்.

"எல்லாத்துக்கும் விகிதம் போட்டா என்ன சார்?"

ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்கிற கேள்வி. போடலாம், பேப்பர்தான் வீண். உறுப்பில் n-இன் அடுக்குகளும் மூலங்களும் மட்டும் இருந்தால் (n³ + 4, √(n²+n) போல) aₙ₊₁/aₙ எப்போதும் 1-ஐத்தான் நெருங்கும். 1/n-க்கும் 1, 1/n²-க்கும் 1. முதலாவது விரிகிறது, இரண்டாவது குவிகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத சோதனை அந்த இனத்துக் கணக்கு எதற்கும் உதவாது. விடையில் "எல்லை = 1, ஆகவே விரியும்" என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது.

அந்த இனத்துக்கு எல்லை ஒப்பீடுதான். மேலேயும் கீழேயும் பெரிய அடுக்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மனதில் அழித்துவிடுங்கள்.

Σ (2n + 1)/(n³ + 4) : பெரிய n-க்கு 2n/n³ = 2/n². ஆகவே bₙ = 1/n². aₙ/bₙ-இன் எல்லை 2. p-தொடரில் p = 2, குவியும்.

Σ 1/√(n² + n) : 1/n போல. aₙ/bₙ-இன் எல்லை 1, விரியும்.

இரண்டாவதில் நேர் ஒப்பீடு போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். 1/√(n²+n) < 1/n. விரியும் தொடரைவிடச் சிறியது என்பதிலிருந்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. குவிவதைவிடச் சிறியது, விரிவதைவிடப் பெரியது, இந்த இரண்டு திசைகள்தான் பயன்படும். எல்லை ஒப்பீட்டில் திசைத் தொல்லை இல்லை என்பதால் எனக்கு அதுவே பிடிக்கும்.

Σ (√(n+1) − √n)/n : இப்படியே பார்த்தால் எதைப் போல என்று தெரியாது. இணையால் பெருக்கி வகுத்தால் 1/(n(√(n+1) + √n)) ஆகிறது. பெரிய n-க்கு 1/(2n^(3/2)). p = 3/2, குவியும். கழித்தல் குறியோடு இரண்டு மூலங்கள் வந்தால் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

Σ sin(1/n), Σ (1 − cos(1/n)) : சிறிய x-க்கு sin x என்பது x போல, 1 − cos x என்பது x²/2 போல. முதலாவது 1/n, விரியும். இரண்டாவது 1/(2n²), குவியும்.

Σ 1/n^(1 + 1/n) : அடுக்கு 1-ஐவிடப் பெரிது, அதனால் p-தொடர்ப்படி குவியும் என்று எழுதத் தோன்றும். p மாறிலியாக இருந்தால்தான் அந்த விதி. இங்கே அடுக்கு n-ஓடு மாறிக்கொண்டே போகிறது. n^(1/n)-இன் எல்லை 1, ஆகவே உறுப்பு 1/n போல. விரியும். பார்க்க எளிதாக இருப்பதாலேயே அதிகம் பேர் தவறவிடுகிற கணக்கு இது.

விகிதம் எப்போது

n! அல்லது 3ⁿ போன்ற மாறிலியின் n-ஆம் அடுக்கு இருந்தால் தயங்காமல் போடுங்கள். வகுக்கும்போது எல்லாம் அடிபட்டுப் போகும்.

Σ n²/3ⁿ : விகிதத்தின் எல்லை 1/3, குவியும்.
Σ n!/nⁿ : விகிதம் (n/(n+1))ⁿ, எல்லை 1/e, குவியும்.

ஃபாக்டோரியல் இருந்தும் விகிதம் கைவிடுகிற இடம் உண்டு:

Σ (2n)!/(4ⁿ (n!)²)

விகிதம் (2n+1)/(2n+2). எல்லை 1. இங்கேதான் பாடத்திட்டத்தில் இருக்கிற ராபே சோதனை வருகிறது. n(aₙ/aₙ₊₁ − 1) = n/(2n+1), எல்லை 1/2. ஒன்றைவிடக் குறைவு, ஆகவே விரியும்.

ராபே சோதனையில் 1-க்கு மேல் என்றால் குவியும், கீழ் என்றால் விரியும். விகிதச் சோதனைக்கு நேர் எதிர்த் திசை, ஏனென்றால் பின்னம் தலைகீழாக இருக்கிறது. சூத்திரத்தில் சந்தேகம் வந்தால் Σ 1/n²-இல் போட்டுப் பாருங்கள்: n((n+1)²/n² − 1) = 2 + 1/n, எல்லை 2, தொடர் குவியும் என்று ஏற்கெனவே தெரியும். திசை சரியாகிவிட்டது.

ராபே இல்லாமலும் இதை முடிக்கலாம். எனக்கு அந்த வழிதான் அழகு. உறுப்பை விரித்து எழுதினால் (1·3·5···(2n−1))/(2·4·6···2n). மேலே இருக்கிறவற்றை ஒரு இடம் தள்ளி ஜோடி சேர்த்தால் (3/2)(5/4)···((2n−1)/(2n−2)) × 1/(2n). முன்னால் இருக்கிற பின்னங்களெல்லாம் 1-க்கு மேல். ஆகவே aₙ ≥ 1/(2n). நேர் ஒப்பீட்டிலேயே விரியும்.

log வந்தால்

log n தனியாக n-ஓடு பெருக்கலில் இருந்தால் தொகையீட்டுச் சோதனை. உறுப்பு நேர் எண்ணாகவும், தொடர்ச்சியாகவும், குறைந்துகொண்டும் இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்.

Σ 1/(n log n), n = 2 முதல் : தொகையீடு log(log n), முடிவிலிக்குப் போகிறது. விரியும்.
Σ 1/(n (log n)²), n = 2 முதல் : தொகையீடு −1/log n, எல்லை உண்டு. குவியும்.

முதலாவது விரிகிற வேகம் சிரிப்பை வரவழைக்கும். ஒன்றுக்குப் பின்னால் நூறு பூச்சியம் போட்ட எண் வரை கூட்டினாலும் கூடுதல் 7-ஐத் தொடாது.

ஆனால் log இருந்தாலே தொகையீடு என்று வைத்துக்கொள்ள வேண்டாம். n = 2 முதல் தொடங்கும் Σ 1/(log n)^(log n) என்பதில் தொகையிட முயன்றால் பொழுது போய்விடும். (log n)^(log n) = n^(log log n) என்று மாற்றி எழுதுங்கள். n சுமார் 1,618-ஐத் தாண்டியதும் log log n > 2. அதற்குப் பிறகு ஒவ்வொரு உறுப்பும் 1/n²-ஐவிடச் சிறியது. குவியும். ஆரம்பத்து உறுப்புகள் எத்தனை ஆயிரம் இருந்தாலும் குவிவைப் பாதிக்காது.

குறி மாறினால்

முதலில் தனிமதிப்பு போட்டுப் பார்க்க வேண்டும். Σ (cos n)/n² : தனிமதிப்பு 1/n²-ஐத் தாண்டாது, தனிமதிப்பிலேயே குவியும், வேலை முடிந்தது. தனிமதிப்பு விரிந்தால்தான் லைப்னிட்ஸ். Σ (−1)ⁿ/√n : உறுப்பின் அளவு குறைந்துகொண்டே பூச்சியத்துக்குப் போகிறது, குவியும், தனிமதிப்பில் விரியும், ஆகவே நிபந்தனைக் குவிவு.

Σ (−1)ⁿ n/(2n+1) : இதற்கு "லைப்னிட்ஸ் பொருந்தாது, ஆகவே விரியும்" என்று எழுதாதீர்கள். ஒரு சோதனை பொருந்தாததிலிருந்து விரிவு கிடைக்காது. உறுப்பு பூச்சியத்துக்குப் போகவில்லை, அதனால் விரியும்.

"குறைந்துகொண்டே" என்ற நிபந்தனையைப் பலர் சும்மா எழுதிவிட்டுக் கடக்கிறார்கள். அது இல்லாவிட்டால் என்ன ஆகும்?

Σ (−1)ⁿ/(√n + (−1)ⁿ), n = 2 முதல்

குறி மாறுகிறது, உறுப்பு பூச்சியத்துக்குப் போகிறது. ஆனால் அளவு சீராகக் குறையவில்லை, ஏறி இறங்குகிறது. மேலும் கீழும் √n − (−1)ⁿ-ஆல் பெருக்கினால் உறுப்பு (−1)ⁿ√n/(n−1) − 1/(n−1) ஆகிறது. முதல் பகுதி லைப்னிட்ஸ்படி குவியும், இரண்டாம் பகுதி விரியும். மொத்தம் விரியும்.

இந்தச் சோதனைகள் எதுவும் கூடுதல் எவ்வளவு என்று சொல்லாது. Σ 1/n² குவியும் என்பது நமக்கு இரண்டு வரி. அது π²/6 என்று ஆய்லர் 1735-இல் காட்டியது வேறு வேலை, அதை இந்த ஆண்டு கேட்க மாட்டார்கள்.

வீட்டுக்கு

செங்கோட்டை வண்டியில் போகிறவர்களுக்கு முதல் நான்கும் சேரன்மகாதேவி வருவதற்குள் முடிந்துவிடும். சோதனையின் பெயரை எழுதும் முன், உறுப்பு எதைப் போல என்று ஓரத்தில் எழுதுங்கள். அதற்குத் தனி மதிப்பெண் போடுவேன்.

(அ) Σ (n + 2)/(n·2ⁿ)
(ஆ) Σ n^(1/n)
(இ) Σ (n!)²/(2n)!
(ஈ) Σ tan(1/n)/n
(உ) Σ (−1)ⁿ (log n)/n
(ஊ) Σ (2^(1/n) − 1)
(எ) Σ 1/(n · log n · log log n), n = 3 முதல்

இவற்றில் மூன்று விரியும், ஒன்று நிபந்தனையில் மட்டும் குவியும். (உ)-வில் log n/n முதல் உறுப்பிலிருந்தே குறைவதில்லை. எந்த n-இலிருந்து குறைகிறது என்பதை வகையிட்டுக் கண்டுபிடித்து எழுத வேண்டும். தாளை அடுத்த சனிக்கிழமை கொண்டுவரவும்.