யாழினி – தினேஷ் பதிவுத் திருமண அழைப்பு

சிவமயம்

அன்புள்ள அண்ணன், அண்ணி, மாமா, அத்தை, தம்பி, தங்கைகள், பிள்ளைகள் அனைவருக்கும் வணக்கம்.

பினாங்கு ஆயர் ஈத்தாம், அமரர் மாரிமுத்து – லெட்சுமி தம்பதியரின் மூத்த மகள்
செல்வி யாழினிக்கும்

கெடா சுங்கை பட்டாணி, திரு. சிவராமன் – திருமதி பார்வதி தம்பதியரின் இளைய மகன்
செல்வன் தினேஷுக்கும்

26 ஆகஸ்ட் 2026, புதன்கிழமை, காலை மணி 10.30க்கு, ஜார்ஜ்டவுன் தேசியப் பதிவு இலாகாவில் திருமணப் பதிவு நடைபெறுகிறது. அதைத் தொடர்ந்து, பகல் மணி 12.30க்கு ஆயர் ஈத்தாமில் உள்ள நம் வீட்டில் மதிய விருந்து.

குடும்பத்தோடு வந்திருந்து மணமக்களை வாழ்த்த வேண்டும் என்று இரு வீட்டாரும் அன்போடு அழைக்கிறோம்.

'கோயில் கல்யாணம் எப்போது?' என்று சிலர் என்னிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டீர்கள். தனியாக ஒன்று இல்லை, இதுதான் கல்யாணம். மணவறை, மேளம், மண்டபம் எதுவும் வைக்கவில்லை. பதிவதிகாரி முன்னால் இருவரும் சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் என் கணவர் படத்துக்கு முன்னால் மாலை மாற்றிக்கொள்வார்கள். பிள்ளைகள் இருவரும் பேசி எடுத்த முடிவு இது. எனக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் முழு மனதோடு சம்மதம்.

எங்கள் கல்யாணம் கோயிலில் ஊர் கூடி நடந்தது. ஆனால் அவர் போன பிறகு, ஓய்வூதியத்துக்கும் இபிஎஃப் பணத்துக்கும் நான் ஏறி இறங்கிய இடமெல்லாம் முதலில் கேட்டது அந்தப் பதிவுச் சான்றிதழைத்தான். மடித்த இடமெல்லாம் கிழிந்து, செலோடேப் ஒட்டி வைத்திருக்கிறேன். யாழினிதான் ஒவ்வொரு முறையும் அதை ஃபைலிலிருந்து எடுத்து நீட்டுவாள். அந்தத் தாளின் மதிப்பு அவளுக்குத் தெரியும்.

சாட்சிக் கையெழுத்துப் போடுபவர்கள் தாய்மாமன் குமரனும் தினேஷின் அக்காவும். பதிவு அறை சிறியது. அதனால் அங்கே பெற்றோர், சாட்சிகள், உடன்பிறந்தவர்கள் மட்டும் வந்தால் போதும். மற்றவர்கள் தயவுசெய்து மனவருத்தப்படாமல் நேராக வீட்டுக்கு வந்துவிடுங்கள். இலாகாவுக்கு வருபவர்கள் ஐசி எடுத்து வாருங்கள். அரசாங்க அலுவலகம் என்பதால் சிலிப்பர், அரைக்கால் சட்டை, கையில்லாத உடை வேண்டாம். 10 மணிக்கே வந்துவிட்டால் நல்லது.

கோலாலம்பூரிலிருந்து வருபவர்கள் முந்தின நாளே ஈடிஎஸ் ரயிலில் பட்டர்வொர்த் வந்து ஃபெரி ஏறிவிடுங்கள். நம் வீட்டிலும் தம்பி வீட்டிலும் பாய் விரிக்க இடம் இருக்கிறது. ஹோட்டல் பார்க்க வேண்டாம்.

சாப்பாடு வாழையிலையில்தான். சின்ன அண்ணி மட்டன் பிரட்டல் செய்கிறார். மீன் கறிக்குக் கறுப்பு வாவல் சொல்லி வைத்திருக்கிறோம். சைவம் சாப்பிடுபவர்களுக்கு அடுப்பும் பாத்திரமும் தனி: சாம்பார், கத்தரிக்காய் கூட்டு, ரசம், மோர் மிளகாய். பாயசம் நான் வைக்கிறேன். அவருக்குப் பிடித்த ஜவ்வரிசிப் பாயசம். மொத்தம் 45 இலை. எத்தனை பேர் வருகிறீர்கள் என்று ஆகஸ்ட் 15க்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சொல்லிவிடுங்கள். குழந்தைகளையும் சேர்த்தே சொல்லுங்கள், அவர்களுக்கும் தனி இலை உண்டு.

மொய், பரிசு எதுவும் வேண்டாம். அவர் இருக்கும் பழைய படம் உங்களிடம் இருந்தால் மட்டும் கொண்டு வாருங்கள். தபால் பையோடு சைக்கிளில் நிற்கும் படம் யாரிடமாவது இருக்கும் என்று யாழினி நம்பிக்கொண்டிருக்கிறாள்.

அப்புறம் ஒன்று, இதை என் அக்கா தங்கைகளுக்காக எழுதுகிறேன். கணவரை இழந்தவர்கள் நம் குடும்பத்தில் என்னோடு சேர்த்து நான்கு பேர் இருக்கிறோம். நல்ல காரியத்தில் நாமாகவே பின்னால் போய் அடுப்படியில் நின்றுகொள்கிறோம். இந்த முறை அப்படி வேண்டாம். மாலையை எடுத்துக் கொடுக்கப் போவது நான்தான். தினேஷ்தான் அதை முதலில் கேட்டார். சம்பந்தி அம்மா என் கையைப் பிடித்து 'நீங்களே கொடுங்க அண்ணி' என்றார். நீங்கள் மூன்று பேரும் பட்டுச் சேலை கட்டி, பூ வைத்து, எனக்குப் பக்கத்தில் முன்வரிசையில் நிற்க வேண்டும். ஆசீர்வாத அரிசியும் முதலில் உங்கள் கையால்தான் விழ வேண்டும்.

உங்கள் வரவை எதிர்பார்த்து,

லெட்சுமி மாரிமுத்து
சிவராமன் – பார்வதி

உடன் அழைப்பவர்கள்: குமரன் குடும்பத்தினர், யாழினியின் தம்பி கதிரவன்