துணி சோஃபா: எப்படிச் சுத்தம் செய்வது, எது செய்தால் வாரண்டி போகும்?

வணக்கம் சார்,

போன மாதம் 18-ஆம் தேதி உங்கள் கடையில் எல் வடிவ துணி சோஃபா ஒன்று வாங்கினோம். ஐந்து பேர் உட்காரும் அளவு, மணல் நிறம், பில் எண் 2187. டெலிவரி நங்கநல்லூருக்கு, இரண்டாவது மாடி. படியில் திருப்ப இடம் இல்லாமல் திணறினாலும் உங்கள் ஆட்கள் ஒரு கீறல் விழாமல் ஏற்றிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லிவிடுங்கள்.

சோஃபாவில் குறை எதுவும் இல்லை. சுத்தம் செய்வது எப்படி என்பதில்தான் குழப்பம். உங்கள் பக்கமிருந்தே மூன்று விதமான பதில் வந்திருக்கிறது.

சீட் குஷனைத் தூக்கினால் அடியில் தைத்திருக்கும் சின்ன லேபிளில் 'எஸ்' என்ற ஆங்கில எழுத்து மட்டும் இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை எஸ் என்றால் தண்ணீர் படக்கூடாது, டிரை கிளீனிங் சால்வென்ட் மட்டும்தான். 'டபிள்யூ' என்று இருந்தால் தண்ணீர் கலந்த கிளீனர் போடலாம், இரண்டு எழுத்தும் சேர்ந்திருந்தால் இரண்டுமே சரி, 'எக்ஸ்' என்றால் வேக்கம் கிளீனரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் வாரண்டி கார்டின் பின்பக்கத்தில் "லேசாக நனைத்த துணியால் துடைக்கவும்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். விற்பனைப் பிரிவில் இருந்த தம்பியோ, 650 ரூபாய்க்கு ஒரு ஃபோம் கிளீனர் பாட்டிலும் சேர்த்து விற்றார். அதைத் தண்ணீரில் கலந்து நுரைத்துத் தேய்க்கச் சொல்லி பாட்டில் மேலேயே எழுதியிருக்கிறது. போதாக்குறைக்கு, "ஜிப் இருக்கு மேடம், கவரைக் கழட்டி வாஷிங் மெஷின்ல போட்டுக்கலாம்" என்றும் சொன்னார். ஜிப் வைப்பது ஃபோமை உள்ளே நுழைப்பதற்குத்தான், துவைத்தால் துணி சுருங்கித் திரும்பப் போடவே முடியாது என்று என் தங்கை சொல்கிறாள். அவள் வீட்டு சோஃபாவுக்கு அதுதான் நடந்தது. அதனால் அந்தப் பாட்டிலை இன்னும் திறக்கவில்லை.

முதலில் தெரிய வேண்டியது, இது என்ன துணி? பில்லில் 'ஃபேப்ரிக்' என்று மட்டும்தான் இருக்கிறது. தொட்டால் செனில் போலத் தெரிகிறது. முழுக்க பாலியஸ்டரா, விஸ்கோஸ் கலந்ததா? விஸ்கோஸ் கலந்திருந்தால் தண்ணீர் பட்ட இடத்தில் வட்டமாகக் கறை நின்றுவிடும், மணல் நிறத்தில் அது பளிச்சென்று தெரியும். எங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர் வேறு. குழாயைத் துடைக்காமல் விட்டாலே வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. தண்ணீர் தொடலாம் என்று நீங்கள் சொன்னாலும், எந்தத் தண்ணீர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆர்.ஓ. தண்ணீர் போதும் என்றால் எனக்குச் சிரமமில்லை.

இப்போது அவசரம் எதனால் என்றால், மாமியார் சாய்ந்து உட்காரும் இடத்தில் தேங்காய் எண்ணெய் இறங்கிவிட்டது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மங்கல். எண்ணெய் வைக்காமல் அவரால் இருக்க முடியாது, அவரிடம் அதைச் சொல்வதும் முறையில்லை. சாயும் இடத்தில் துண்டு விரித்துவிட்டேன், அது இனிமேலுக்குத்தான். ஏற்கெனவே இறங்கியதை வெள்ளைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்ததோடு நிறுத்தியிருக்கிறேன். சோளமாவு தூவி, எண்ணெயை உறிஞ்ச விட்டு, பிறகு வேக்கம் போடுவது வழக்கம்தானே, இந்தத் துணிக்கு அது சரிவருமா? அதற்கும் போகாவிட்டால் எந்த சால்வென்ட்? பெயரோடு சொன்னால் நல்லது. சால்வென்ட் சீக்கிரம் தீப்பிடிக்கும், ஹாலிலேயே சுவாமி விளக்கு எரிகிறது, மூன்று வயதுப் பையனும் வீட்டில் இருக்கிறான். நானே செய்வதைவிட நீங்கள் ஒப்புக்கொள்ளும் ஆளை அனுப்பினால் நிம்மதி. அப்படி யாராவது இருந்தால் ஒரு தடவைக்கு எவ்வளவு ஆகும் என்றும் எழுதுங்கள்.

இதே சமயத்தில் எங்கள் அபார்ட்மெண்டில் வரும் சனிக்கிழமை சோஃபா ஷாம்பூ செய்யும் ஆட்கள் வருகிறார்கள். நாலைந்து வீடு சேர்ந்தால் விலை குறைவு என்பதால் என்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஷாம்பூ நுரை போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, மெஷினால் உறிஞ்சி எடுப்பார்களாம். எஸ் லேபிளுக்கு இது ஒத்துவராது என்றுதான் நினைக்கிறேன். மேலும் எவ்வளவு உறிஞ்சினாலும் ஃபோமில் ஈரம் தங்கும். மழை மாதங்களில் இங்கே எதுவும் காய்வதில்லை, நாற்றம் வந்துவிடும். ஸ்டீம் கிளீனிங்கும் செய்து தருகிறார்களாம். இரண்டில் எதை அனுமதிக்கிறீர்கள், அல்லது இரண்டுமே கூடாதா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் அவர்களுக்கு நான் பதில் சொல்லிவிடுவேன்.

அடுத்து வாரண்டி. ஃப்ரேமுக்கு 5 வருடம், ஃபோமுக்கு 2 வருடம், துணிக்கு 1 வருடம் என்று கார்டில் தெளிவாக இருக்கிறது. கீழே "தவறான முறையில் சுத்தம் செய்தால் வாரண்டி செல்லாது" என்று ஒரே வரி. எது தவறான முறை என்று எங்கேயும் இல்லை. நாளைக்கு ஏதாவது ஆனால், நான் எதைச் செய்திருந்தாலும் அந்த வரிக்குள் அடக்கிவிடலாம் அல்லவா?

எனக்கு முக்கியமான கேள்வி இதுதான். துணியில் தவறான கிளீனர் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். துணியின் வாரண்டி மட்டும் போகுமா, மரச்சட்டத்தின் 5 வருடமும் சேர்ந்து போகுமா? சட்டம் உடைவதற்கும் காபிக் கறையைத் துடைத்ததற்கும் சம்பந்தம் இல்லையே. அதேபோல, நீங்களே விற்ற பாட்டிலைப் போட்டு நிறம் வெளுத்தால் அது யார் பொறுப்பு? லேபிளுக்கும் பாட்டிலுக்கும் ஒத்துப்போகாதபோது நான் எதை நம்ப வேண்டும்?

வேறு சில விஷயங்களும் இருக்கின்றன. மாலையில் ஆறேழு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன், அவர்கள் சில சமயம் சோஃபாவில் உட்காருவார்கள். கார்டில் "வணிகப் பயன்பாடு" விலக்கு என்று இருக்கிறது, இதுவும் அதில் சேருமா? நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம். வீடு மாறும்போது வேறு ஆட்கள் கால்களைக் கழற்றி மாட்டினால் பரவாயில்லையா, உங்கள் ஆட்கள்தான் வர வேண்டுமா? கறை பிடிக்காமல் இருக்க ஸ்ப்ரே அடிக்கலாமா என்பதையும் சொல்லுங்கள், சில கடைகளில் அதையே காரணம் காட்டி வாரண்டியை மறுக்கிறார்களாம். மேற்கு ஜன்னல் வெயில் ஒரு கைப்பிடியில் விழுகிறது. நிறம் மங்கினால் நீங்கள் ஏற்க மாட்டீர்கள் என்று தெரியும், திரை போட்டாயிற்று. மஞ்சள் கறையைப் பற்றி ஒரு வரி எழுதினால் உதவியாக இருக்கும். சோப்பு பட்டால் அது சிவந்துபோகும், வெயிலில் வைத்தால் வெளுக்கும், ஆனால் சோஃபாவை மொட்டைமாடிக்குத் தூக்க முடியாது!

பதிலை போனில் சொல்ல வேண்டாம் சார், இதே வாட்ஸ்அப்பில் எழுத்தில் அனுப்புங்கள். கடை லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு இருந்தால் இன்னும் நல்லது, வாரண்டி கார்டோடு சேர்த்து வைத்துக்கொள்வேன். லேபிள், வாரண்டி கார்டின் இரண்டு பக்கம், பாட்டிலின் பின்புறம், எண்ணெய் பட்ட இடம் எல்லாவற்றையும் படம் எடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். அந்தப் பாட்டில் இந்தத் துணிக்கு ஆகாது என்றால், சீல் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிட்டு 650 ரூபாயை வாங்கிக்கொள்கிறேன்.

நன்றி.
சுமதி
நங்கநல்லூர்